புகார் மெயில் யாருடைய கைக்குப் போகிறது?

கேள்வி: "வணக்கம் சார். ஓசூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். போன மாதம், கம்பெனிக்குள் நடக்கும் முறைகேட்டைப் பற்றிப் புகார் தருபவர்களுக்கான விசில்ப்ளோயர் பாலிசி என்று நான்கு பக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். 'நல்லெண்ணத்துடன் புகார் தருபவர் பழிவாங்கப்பட மாட்டார்' என்று ஒரு வரி இருக்கிறது. புகாரை எச்.ஆர். தலைவருக்கு அனுப்ப வேண்டுமாம். அவரும் பர்ச்சேஸ் மேனேஜரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். இதை நம்பி எழுதலாமா?"

அந்த ஒரு வரியை மட்டும் நம்பி எழுதாதீர்கள். கம்பெனி செகரட்டரியாக இருந்தபோது நானே இப்படிப்பட்ட பாலிசிகளை எழுதியிருக்கிறேன். 'பழிவாங்கப்பட மாட்டார்' என்று எழுத ஒரு நிமிடம் போதும். யார் பழிவாங்கக் கூடாது, எது பழிவாங்கல், மீறினால் யாரிடம் போவது என்று எழுதும்போதுதான் மேலே இருப்பவர்கள் முகம் மாறும்.

முதலில் வழியைப் பார்ப்போம். இப்படிப் புகார் தர ஒரு வழியைக் கம்பெனி ஏற்படுத்த வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் 2013-இன் 177-ஆம் பிரிவு சொல்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகளுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிக்கும், வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிக்கும் இது பொருந்தும். ஓசூர்ப் பக்கம் புது யூனிட் போட்ட பிரைவேட் லிமிடெட் என்றால் இந்த 50 கோடியைத் தாண்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பொருந்தினால் என்ன கிடைக்கும்? தக்க சூழலில் நீங்கள் நேராக, டைரக்டர்கள் அடங்கிய ஆடிட் கமிட்டியின் தலைவரிடமே போக முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிரைவேட் கம்பெனியில் பெரும்பாலும் ஆடிட் கமிட்டி இருக்காது. அங்கே போர்டு ஒரு டைரக்டரை அந்த வேலைக்கு நியமிக்க வேண்டும். உங்கள் நான்கு பக்கத்தில் அந்த டைரக்டரின் பெயரோ பதவியோ இருக்கிறதா, அவருக்கென்று தனி மெயில் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். முகவரி இருந்தாலும் அந்தப் பெட்டியைத் திறப்பது யார் என்பது இன்னொரு கேள்வி. டைரக்டர் பெயரில் வரும் மெயிலை எச்.ஆர். பிரிவில் ஒருவர் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன்.

நான் எழுதினால் இந்த இடத்தில் இப்படி எழுதுவேன்: 'புகார் யாரைப் பற்றியதோ அவரோ, அவருக்குக் கீழே வேலை செய்பவரோ, அவருடைய மேலதிகாரியோ அந்தப் புகாரைப் பெறவும் விசாரிக்கவும் கூடாது. எச்.ஆர். தலைவர் பற்றிய புகார் நியமிக்கப்பட்ட டைரக்டருக்கு மட்டும் போகும். அந்த டைரக்டர் பற்றிய புகார் போர்டுக்குப் போகும்.' உங்கள் கம்பெனியில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களைப் பற்றிப் பாலிசி எதுவும் சொல்லாது. அதனால் 'புகார்தாரர் விரும்பினால் எச்.ஆரைத் தவிர்த்து நேராக டைரக்டருக்கு எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை' என்று ஒரு வாக்கியமும் வேண்டும். காரணம் கேட்டால் அதுவே முதல் விசாரணை ஆகிவிடும்.

அடுத்தது பழிவாங்கல். சட்டம் புகார்தாரருக்குப் 'போதிய பாதுகாப்பு' வேண்டும் என்கிறது, பழிவாங்கல் என்றால் என்ன என்று விளக்கவில்லை. ஆகவே எல்லாம் பாலிசியின் வாசகத்தில்தான் இருக்கிறது.

ஒரு கதை சொல்கிறேன். நான் முன்பு பார்த்த ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் உதவியாளர் ஒருவர், சரக்கு ரசீதில் 200 மூட்டை என்று இருக்க, எடைமேடைச் சீட்டில் அதற்குரிய எடை வரவில்லை என்று கவனித்தார். மூன்று லாரிகளில் இதே கதை. எழுதிக் கொடுத்தார். அவர் பெயரைக் கம்பெனி எங்கேயும் வெளியிடவில்லை, அது உண்மை. ஆனால் விசாரிக்க வந்தவர் பர்ச்சேஸ் மேனேஜரிடம் அந்த மூன்று எடைச்சீட்டு எண்களைக் காட்டிக் கேட்டார். அந்தச் சீட்டுகளைப் பார்க்கக்கூடியவர்கள் அங்கே மொத்தம் இரண்டு பேர். பெயர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அப்புறம் என்ன ஆயிற்று? வேலையை விட்டு நீக்கவில்லை. பதவி இறக்கவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து 'ஆள் பற்றாக்குறை' என்று நிரந்தர இரவு ஷிப்ட். கம்ப்யூட்டரில் சரக்கு வரவு போடும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். வருட மதிப்பீட்டில் 'சராசரி' வந்தது. அந்தக் கம்பெனி பாலிசியில் 'பணிநீக்கம், பதவியிறக்கம்' என்று இரண்டே சொற்கள் இருந்தன. அவர் கேட்டபோது, இதில் எது நடந்தது என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதனால் அந்தப் பட்டியலில் ஷிப்ட் மாற்றம், இடமாற்றம், வேலைப் பொறுப்பைப் பறித்தல், ஓவர்டைம் மறுப்பு, மதிப்பீட்டைக் குறைத்தல் எல்லாம் பெயர் சொல்லி வர வேண்டும், 'இவை மட்டும் அல்ல' என்ற சொல்லோடு. அதைவிட முக்கியம் நிரூபிக்கும் பொறுப்பு. புகார் கொடுத்து ஒரு வருடத்துக்குள் இப்படி ஏதாவது நடந்தால், புகார்தான் காரணம் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டுமா, புகார் காரணம் இல்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டுமா? புகார்தாரர் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதியில் பாரம் கம்பெனிப் பக்கம் போகிறது. பெயரை மட்டுமல்லாமல், ஆளைக் கண்டுபிடிக்க உதவும் எந்தத் தகவலையும் வெளியிடக்கூடாது என்றும் அது சொல்கிறது. அந்த எடைச்சீட்டு எண்கள் அதில் வந்துவிடும். இந்தியாவில் இப்படிப் பாரத்தை மாற்ற 177-ஆம் பிரிவு வற்புறுத்தவில்லை. ஆனால் கம்பெனி தானாகப் பாலிசியில் எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

இன்னொன்று, அந்த 'நல்லெண்ணத்துடன்' என்ற சொல். சட்டத்தில் இருப்பது 'உண்மையான கவலை' என்ற பொருள் தரும் சொல். நல்லெண்ணம் என்று எழுதினால், உனக்கும் மேனேஜருக்கும் பழைய பகை என்று உங்கள் மனதை விசாரிக்க ஆரம்பிப்பார்கள். மூட்டை குறைந்ததா இல்லையா என்பது பின்னால் போய்விடும். 'நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும், விசாரணையில் நிரூபணமாகாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு' என்று இருந்தால் நல்லது. நம் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள் நடவடிக்கையை அனுமதிப்பது திரும்பத் திரும்ப அற்பமான புகார் கொடுப்பவர் மீது. 'தவறான புகார் கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை' என்று உங்கள் தாளில் இருந்தால் அது அதைவிடக் கடுமை, உஷாராக இருங்கள்.

இதையெல்லாம் போய் எச்.ஆரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். 'எச்.ஆர். தலைவர் மீதே புகார் என்றால் எங்கே அனுப்புவது' என்று நீங்கள் கேட்ட அன்றைக்கே உங்கள் பெயர் குறிக்கப்பட்டுவிடும். பாலிசி விவரத்தைப் போர்டு அறிக்கையிலும், கம்பெனிக்கு இணையதளம் இருந்தால் அதிலும் போட வேண்டும் என்பது சட்டம். போர்டு அறிக்கை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஆண்டுக் கணக்கோடு சேர்த்துத் தாக்கலாகும், கொஞ்சம் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வங்கியில் எவ்வளவு கடனுக்குச் சொத்தை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் அதே தளத்தில் இருக்கிறது. அது இன்றைய கடன் பாக்கியைச் சொல்லாது, ஆனால் 50 கோடி விஷயத்தில் ஒரு குறிப்புத் தரும். இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். கம்பெனி கம்ப்யூட்டரில் பார்க்கவே வேண்டாம்.