சட்டைப்பையில் கிடந்த விலை

"சந்தையில் விலை இல்லாத சாமானுக்கு முதலில் விலை சொல்பவருக்கு லாபமா, நட்டமா?"

நடுவர் அவர்களே, லாபம்தான்!

முதலில் விலை சொன்னால் நட்டம் என்று காட்ட, எதிரணிச் சகோதரி புறக்கோட்டையில் சேலை வாங்கிய கதையைச் சொன்னார். கதை நல்லாத்தான் இருந்தது, ஆனால் வழக்கு வேறு. அந்தச் சேலை பக்கத்துக் கடையிலும் தொங்கும். செட்டியார் தெருவில் தங்கத்துக்கு அன்றைய பவுண் விலை உண்டு. அங்கெல்லாம் யார் முதலில் வாய் திறந்தால் என்ன?

என் சித்தப்பா விற்றது, நாடகக்காரர் ஒருவர் விட்டுப்போன கால் ஆர்மோனியம். கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில் கிடந்தது. அதற்கு எந்தத் தெருவில் போய் விலை கேட்பது? ஒன்றரை லட்சம் என்று மனதில் வைத்து, ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியும் வைத்திருந்தார். வாங்க வந்தவர் "எவ்வளவு ஐயா?" என்றார். சித்தப்பாவும் எதிரணியின் கட்சிதான். "நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

"நாற்பதாயிரம்."

அதுவரை தேக்குப் பலகையைத் தடவிக்கொண்டிருந்த சித்தப்பா, குனிந்து துருத்தியின் கிழிசலைப் பார்க்கத் தொடங்கினார். மிதியின் பட்டி அறுந்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. குறைந்த எண்ணைக் கேட்ட மனம் அதற்குப் பொருத்தமான குறைகளைத் தேடிப் போகிறது. முதலில் கேட்டது 2 லட்சமாக இருந்தால் அதே கண் தேக்கைத்தான் பார்த்திருக்கும். சித்தப்பா பதிலுக்குக் கேட்டது 1 லட்சம், கடைசியில் விற்றுக் கொடுத்தது 65,000க்கு.

"அனுபவசாலிகள் இதில் மயங்க மாட்டார்கள்" என்றார் அணித் தலைவர் ஐயா. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டூசன் நகரில் வீடு விற்கும் தரகர்களுக்கு ஒரே வீட்டைக் காட்டினார்கள். விவரத்தாளில் மாற்றியது, கேட்கும் விலையை மட்டும். கூடிய விலையைக் கண்டவர்கள் கூட மதித்தார்கள், குறைந்த விலையைக் கண்டவர்கள் குறைய மதித்தார்கள். அந்த விலையைக் கணக்கில் எடுத்ததாக அவர்களில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ளவுமில்லை.

இருந்தாலும் ஐயா சொன்னதில் பாதி சரி. சாமானின் பெறுமதி துளியும் தெரியாதவர் முந்திக்கொண்டால், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வார். ஆர்மோனியத்துக்கு 10 லட்சம் என்றால் வந்தவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழும்பிப் போவார். எந்த எண்வரை தாங்குவார் என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்லலாம். அதற்கு என்னிடம் வாய்ப்பாடு இல்லை.

அப்போ மற்றவர் முந்திவிட்டால்? அவர் எண்ணிலிருந்து கூட்டிக் கேட்கப் போனாலே அவர் வளவுக்குள் கால் வைத்தாயிற்று. "அந்தக் கணக்கை விடுங்கோ, பலகை இவ்வளவு, துருத்தி மாற்ற இவ்வளவு" என்று தன் கணக்கிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். சித்தப்பா அந்தப் பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தது, வாகனத்தில் ஆர்மோனியத்தை ஏற்றிவிட்ட பிறகு.