பேச்சும் சாட்டும் ஒரே சுருக்கமாக

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் எங்கள் சங்கம் சூம் வழியாக நடத்தும் கருத்தரங்குகளுக்குச் சுருக்கம் எழுதுவது என் பொறுப்பு. கடந்த மழைக்காலத்தில் டெங்கு பற்றிய கருத்தரங்குக்கு நான் எழுதிய முதல் சுருக்கத்தைப் படித்துவிட்டு, கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணா, தண்ணீர்த் தொட்டியைப் பத்து நாளுக்கு ஒருமுறை கழுவுவதா, வாரம் ஒருமுறை கழுவுவதா? நீங்கள் இரண்டையும் எழுதியிருக்கிறீர்களே?"

உண்மைதான். இரண்டும் இருந்தன. பேச்சின் எழுத்துப்படியை முதலில் சுருக்கினேன், சாட்டில் வந்த செய்திகளைத் தனியாகச் சுருக்கினேன், இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினேன். பிழை அந்த ஒட்டலில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பேச்சாளர் வாய் தவறிப் பத்து நாள் என்றார். எழுத்துப்படியில் அது 25ஆவது நிமிடம், 40ஆவது விநாடி. கேட்டுக்கொண்டிருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சாட்டில் எழுதினார்: "முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும், ஆகவே வாரம் ஒருமுறை." சாட்டில் அதன் நேரம் இரவு 7 மணி 31 நிமிடம், 10 விநாடி.

இந்த இரண்டு நேரங்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. எழுத்துப்படி பதிவு தொடங்கியதிலிருந்து எண்ணுகிறது. நம் கணினியில் சேமித்த சாட்டோ சுவர்க் கடிகார நேரத்தைக் காட்டுகிறது. எங்கள் கூட்டம் 7 மணிக்குத் தொடங்கினாலும் பதிவுப் பொத்தானை அழுத்தியது 7:04க்கு. நான்கு நிமிடங்களைக் கழித்தால் அந்தச் செய்தி 27ஆவது நிமிடம், 10ஆவது விநாடியில் விழுகிறது. பேச்சாளர் அப்போது காய்ச்சல் பற்றிப் பேசப் போய்விட்டார். தட்டச்சு செய்ய ஒன்றரை நிமிடம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு சாட் செய்தி எந்தப் பேச்சுக்கு உரியது என்று பார்க்க, அதன் நேரத்திலிருந்து இரண்டு மூன்று நிமிடம் பின்னோக்கிப் படிக்க வேண்டும்.

பதிவு எப்போது தொடங்கியது என்று நினைவில்லையா? "ஐயா, சத்தம் கேட்கவில்லை" என்று யாராவது கட்டாயம் எழுதியிருப்பார். பேச்சாளர் "இப்போது கேட்கிறதா?" என்று கேட்ட இடத்தை எழுத்துப்படியில் தேடுங்கள். சாட் நேரத்திலிருந்து எழுத்துப்படி நேரத்தைக் கழித்தால் பதிவு தொடங்கிய நேரம் ஏறக்குறைய கிடைக்கும். ஆனால் முடிவுக்கு அருகிலும் ஒருமுறை இப்படிச் சரிபாருங்கள். நடுவில் பதிவை நிறுத்தித் தொடர்ந்திருந்தால் இரண்டு நேரங்களின் வித்தியாசம் மாறிவிடும்.

நேரம் பொருந்திய பிறகு, சொற்களை விட்டுவிட்டுக் கூற்றுகளை ஒப்பிடுகிறேன். பேச்சின் ஒவ்வொரு கூற்றையும் ஒரு வரியாக எழுதி, அதற்கு நேராகச் சாட் செய்தியை வைத்து ஒரே கேள்வி கேட்கிறேன்: இது புதிதாக ஏதாவது சொல்கிறதா, திருத்துகிறதா, கேட்கிறதா, அல்லது சொன்னதையே சொல்கிறதா? சொன்னதையே சொல்வதற்குத் தனி வரி கிடையாது. "காய்ச்சலுக்கு இபுபுரோஃபன் கொடுக்கலாமா?" என்று ஆறு பேர் கேட்டிருந்தார்கள். பேச்சாளர் கேள்வியை வாசித்து, கூடாது, பாராசிட்டமோல் மட்டுமே என்றார். கேள்வி சாட்டிலும் அவர் வாயிலும், விடை தனியாகவும் என அது மூன்று இடங்களில் கிடந்தது. சுருக்கத்தில் அது ஒரே வாக்கியம்: "பலரும் கேட்ட இபுபுரோஃபனைத் தவிர்க்க வேண்டும், பாராசிட்டமோல் மட்டுமே." ஆறு பேர் என்று எண்ணும்போதும் கவனம் வேண்டும். ஒருவரே மூன்று முறை ஒட்டியிருந்தால் அது ஒருவர்தான்.

என்னை ஏமாற்றியது இன்னொரு செய்தி. பேச்சாளர் தொட்டித் தண்ணீரை வெளியேற்றச் சொன்னார். மூதூரிலிருந்து ஓர் அம்மா, "தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்" என்று எழுதியிருந்தார். இரண்டும் ஒன்று என்று முதலில் வெட்டிவிட்டேன். ஒன்றல்ல. ஏடிஸ் நுளம்பு முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி வைக்கும். அவை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை அங்கேயே இருக்கும். வெட்டுவதற்கு முன் "இதை நீக்கினால் வீட்டில் யாராவது வேறு மாதிரிச் செய்வார்களா?" என்று கேட்டிருந்தால் அந்த வரி தப்பியிருக்கும்.

திருத்தத்துக்கு வருகிறேன். 41ஆவது நிமிடத்தில் பேச்சாளரே பரிசோதகரின் செய்தியை வாசித்து, வாரம் ஒருமுறைதான் சரி என்று ஏற்றுக்கொண்டார். ஆகவே பத்து நாள் போய்விட வேண்டும். அவர் ஏற்றிருக்காவிட்டால் நானாகத் தீர்ப்புச் சொல்லாமல் அவரைக் கேட்டிருப்பேன்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. கூட்டத்தை நடத்துபவரின் கணினியில் சேமித்த சாட்டில், அவருக்கு மட்டும் தனியாக வந்த செய்திகளும் இருக்கும். அவற்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

கிண்ணியாத் தங்கைக்கு இரண்டாம் முறை அனுப்பிய வரி இது: "தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை வெறுமையாக்கி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும்." பேச்சாளர், பரிசோதகர், மூதூர் அம்மா, மூவரும் அதில் இருக்கிறார்கள்.