புயலில் பாய்மரப் படகை எப்படி நிறுத்தி வைப்பது?

[திரையில்: மேலிருந்து பார்த்த படகு. காற்று இடப்பக்கத்திலிருந்து.]

பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகு. உள்ளே இரண்டு பேர். காற்று மணிக்கு 35 கடல் மைலைத் தாண்டிவிட்டது, கரை வெகு தூரம். இப்போது படகை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கடலிலேயே கிட்டத்தட்ட நிறுத்தி வைக்கலாம். ஆங்கிலத்தில் இதை ஹீவிங் டு என்பார்கள்.

காற்று இடப்பக்கம் என்றால், முன்பாயும் பெரிய பாயும் வலப்பக்கம் இருக்கும். முதலில் இரண்டையும் நன்றாகச் சுருக்கிவிடுங்கள். பிறகு படகை இடப்பக்கமாகத் திருப்பி, படகின் முன்முனையான அணியத்தைக் காற்றுக்கு மறுபுறம் கொண்டுபோங்கள். ஆனால் முன்பாயின் கயிற்றை அவிழ்க்காதீர்கள். மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது.

[திரையில்: படகு திரும்புகிறது. முன்பாய் வலப்பக்கமே நிற்கிறது.]

இப்போது காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது, முன்பாயும் அதே பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அது அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளும். வேகம் குறைந்ததும் சுக்கான் பிடியை இடப்பக்கம், அதாவது காற்று போகும் பக்கம், தள்ளிக் கட்டுங்கள். படகு கொஞ்சம் முன்னேறினால் சுக்கான் அதைக் காற்றை நோக்கித் திருப்பும். திரும்பினால் வேகம் போய்விடும், உடனே முன்பாய் மறுபடி விலக்கும். இந்த இழுபறியில் அணியம் காற்றுக்குச் சாய்வாகவே நிற்கும். படகு காற்றோடு மெல்ல நகரும், மணிக்கு ஒன்றரைக் கடல் மைல் அளவில். டீ போடக்கூட முடியும், நம்புங்கள்!

சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரியும்? காற்று வரும் பக்கம் பாருங்கள். படகு நழுவிய இடத்தில் வழவழப்பான தண்ணீர்த் தடம் இருக்கும். அங்கே அலை முறிவது குறையும் என்பது பழைய மாலுமிகளின் நம்பிக்கை. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. தடத்தை விட்டுப் படகு முன்னே ஓடினால், பெரிய பாயைச் சற்றுத் தளர்த்துங்கள். அணியம் காற்றிலிருந்து அதிகமாக விலகிப் படகு அலைக்குக் குறுக்கே கிடந்தால், முன்பாயைச் சிறிதாக்குங்கள். அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் கீல் என்ற பாகம் குறுகலாக உள்ள இக்காலப் படகுகளில் முன்பாயே வேண்டாமல் போவதும் உண்டு.

குறுக்கே கிடப்பதுதான் ஆபத்து. நம் படகின் பக்கவாட்டில் மூன்று மீட்டர் உயரத்தில் முறியும் அலை அடித்தால் கவிழ்ந்துவிடலாம். 1979 ஆகஸ்டில் பிரிட்டன் அருகே நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புயலில் மாட்டின. 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். கைவிடப்பட்ட 24 படகுகளில் ஐந்து மட்டுமே மூழ்கின என்பதையும் கவனியுங்கள். படகு மிதக்கும்வரை அதை விட்டு இறங்காதீர்கள்.

அலை இன்னும் பெருத்து முறியத் தொடங்கினால் வேறு வழி தேட வேண்டும். அணியத்திலிருந்து பாராசூட் போன்ற கடல் நங்கூரத்தை நீளமான கயிற்றில் விடலாம். அந்தக் கயிறு உரசி அறுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அல்லது காற்றோடு ஓடவிட்டு, பின்னால் கூம்புகள் கோத்த கயிற்றை இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். அப்படி ஓடுவதற்குப் படகின் முன்னால் நிறையக் கடல் வேண்டும். நிறுத்தி வைத்த படகுகூட ஒரு நாளில் 36 கடல் மைல் நழுவும். காற்று போகும் பக்கம் கரை இருந்தால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

[திரையில்: காற்று தணிகிறது.]

காற்று தணிந்ததும் சுக்கானை அவிழ்த்து, முன்பாயை இடப்பக்கம் விடுங்கள். அணியம் தானே விலகிப் படகு ஓடத் தொடங்கும்.