பரு போன கறுப்புக்கு அசெலாயிக் ஆசிட்

"அக்கா, தாடையில் பரு வந்து போன இடமெல்லாம் கறுப்பாக நிற்கிறது. நயாசினமைடு சீரம் போடுகிறேன். மருந்துக்கடையில் அசெலாயிக் ஆசிட் 10% கிரீம் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதானா?"

ஒன்றில்லை. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அசெலாயிக் ஆசிட் அந்த நொதியையே தடுக்கிறது. நயாசினமைடு, உருவான மெலனின் மேல் செல்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. வேலை வேறு என்பதால் இரண்டையும் சேர்த்தே போடலாம்.

உங்களுக்கு அசெலாயிக் ஆசிட் பொருந்தும் என்று நான் நினைக்கக் காரணம், இது பருவையும் கவனிக்கும். பருவில் பெருகும் பாக்டீரியாவைக் குறைக்கும், துளை அடைபடுவதையும் வீக்கத்தையும் தணிக்கும். புதுப் பரு வந்துகொண்டே இருந்தால் பழைய கறுப்பு மறைவதற்குள் புதியது சேர்ந்துவிடும். வைட்டமின் சி இந்த வேலையை இவ்வளவு செய்யாது. இன்னொன்று, அசெலாயிக் ஆசிட் அளவுக்கு மீறி நிறம் சுரக்கிற செல்களைத்தான் பெரும்பாலும் பாதிக்கிறது. அதனால் இயல்பான நிறம் வெளுக்காது. முகம் சிவப்பாகும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஆசிட் என்ற பெயரைப் பார்த்து கிளைகாலிக் ஆசிட் போல உரித்துவிடும் என்று பயப்படாதீர்கள். ஆனால் அரிக்கும், சுள்ளென்று இருக்கும், முதல் சில வாரங்களுக்கு. முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு பட்டாணி அளவு எடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் போடுங்கள். இரண்டு வாரம் தாங்கினால் தினமும் போடலாம். எரிச்சல் சற்று நேரத்தில் அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் காலையும் சிவந்திருந்தாலோ வீங்கினாலோ நிறுத்திவிடுங்கள். மேலே மாய்ஸ்சரைசர் தேய்க்கும்போது துகள் துகளாக உருண்டால், கிரீம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அளவைக் குறைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். வெயில் படப்பட மெலனின் மறுபடி சுரக்கும், போட்ட கிரீம் வீணாகும்.

வாங்கிய டியூபைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின், மொமெட்டசோன் மூன்றும் இருந்தால் அது வேறு மருந்து. மொமெட்டசோன் ஸ்டீராய்டு. சீக்கிரம் பளிச்சென்று ஆக்கும், ஆனால் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், பருவும் முடியும் கிளம்பும். ஹைட்ரோகுவினோனை ரொம்ப நாள் போட்டால் நீலங்கலந்த கறுப்பு படியவும் கூடும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள். அசெலாயிக் ஆசிட் மெதுவானதுதான். மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் கர்ப்பகாலத்தில்கூட மருத்துவர்கள் பொதுவாக அனுமதிக்கிற மருந்து இது.

இப்போதே ஜன்னல் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்து, 12 வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். குழி விழுந்த தழும்பு இதில் நிரம்பாது. கறுப்பு கொஞ்சமும் மங்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள், 15% ஜெல்லோ 20% கிரீமோ தேவையா என்று அவர் சொல்வார்.