அப்பா "போப்பா"ன்னு சொல்லிட்டார், அம்மாவைக் கேட்டீங்களா?

கேள்வி: "மன்னார்குடி பக்கத்துல கிராமம். அப்பாவுக்கு 76 வயசு, பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆகுது, வலது பக்கம் பலமில்லை. அம்மாவுக்கு 69. நான் பூனாவுல வேலை பாக்குறேன். பதவி உயர்வு வந்திருக்கு, ஒத்துக்கிட்டா மூணு வருஷம் அங்கேயே இருக்கணும். தங்கச்சியை நீடாமங்கலத்துல கட்டிக் கொடுத்திருக்கு. அப்பா 'நீ போப்பா'ன்னுதான் சொல்றாரு. போனா தப்பா?"

தம்பி, அப்பா மனசார சொல்லியிருப்பார், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ராத்திரி அவரைக் கைத்தாங்கலா கழிவறைக்குக் கூட்டிக்கிட்டுப் போறது உங்க அம்மா. வீட்டுல விசேஷம்னா, அம்மாவுக்கு முடியலன்னா, ஓடி வர்றது உங்க தங்கச்சி. நீங்க போறதோட பாரம் இவங்க ரெண்டு பேர் மேலதான் இறங்குது. அதனால அனுமதி கேக்க வேண்டியது இவங்ககிட்ட. நீங்க உங்க ஆசைக்கும் அப்பாவுக்கும் நடுவுல தராசு பிடிக்கிறீங்க. தட்டுல உட்கார்ந்திருக்கிறது அம்மாவும் தங்கச்சியும்.

அம்மாவை எப்படிக் கேக்குறதுன்னு ஒண்ணு இருக்கு. "சமாளிச்சுக்குவியாம்மா?"ன்னு போன்ல, அதுவும் அப்பா பக்கத்துல இருக்கும்போது கேட்டா, "நான் பாத்துக்குறேன்டா"ங்கிற ஒரே பதில்தான் வரும். நம்ம ஊர் அம்மாக்களுக்கு அதுக்கு வேற பதில் தெரியாது. தனியா உட்கார வச்சு, எண்ணிச் சொல்ற மாதிரி கேளுங்க. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறே? அவரைத் தூக்கும்போது உனக்கு எங்கே வலிக்குது? கடைசியா நீ எப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் உனக்கு சர்க்கரை, பிரஷர் பாத்தே? இந்த மூணுக்கும் வர்ற பதில்ல உங்க கேள்விக்கான விடை பாதி இருக்கு.

மீதிப் பாதிக்கு, முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் முழுசா போய் வீட்டுல தங்குங்க. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வர்றது இந்தக் கணக்குல சேராது. அன்னைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், அம்மா ரெண்டு நாள் முன்னாடியே எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வச்சிருப்பாங்க. சாதாரண நாள்ல போய் மாத்திரையை எண்ணிப் பாருங்க. தினம் ஒண்ணு போடுற பிரஷர் மாத்திரை முப்பது வாங்கி இருபது நாள் ஆயிருந்தா பத்து மிச்சம் இருக்கணும். பதினேழு இருந்தா ஏழு நாள் விட்டுப்போயிருக்கு. பக்கவாதம் ஒரு தடவை வந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, மறுபடி வர்றதுக்கு வழி விடுறது. அம்மா அசட்டையா இருக்காங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்லை, ரெண்டு கையால முடியலைன்னு அர்த்தம்.

அப்புறம் தூக்குற முறையைப் பாருங்க. பெரும்பாலான வீடுகள்ல பலமில்லாத கையைப் பிடிச்சு இழுத்துத்தான் எழுப்புறாங்க. அதுல அவருக்குத் தோள்மூட்டு இறங்கி வலி நிரந்தரமாகும், அம்மாவுக்கு இடுப்பு போகும். நாற்காலியை அவரோட பலமுள்ள பக்கம், உங்க அப்பாவுக்கு இடது பக்கம், கட்டிலை ஒட்டிப் போடணும். கட்டில்ல உட்கார்ந்தா ரெண்டு காலும் தரையில படியுற உயரம் இருக்கணும். கையைப் பிடிக்காம இடுப்பைப் பிடிச்சு, அவரை முன்னாடி சாய வச்சு எழுப்பணும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்குறாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு, அவங்க வரும்போது நீங்களும் கூட நின்னு கத்துக்குங்க. பூனாலேருந்து பெரிய டிவி வாங்கி அனுப்புற பிள்ளைங்க நிறைய பேர். அந்த வீட்டுக்கு முதல்ல வேண்டியது ஒரு கமோடு நாற்காலியும், கழிவறைச் சுவத்துல ஒரு கைப்பிடியும்.

இப்போ கணக்கைப் போடுவோம். ராத்திரி ரெண்டு தடவை, பகல்ல குளிப்பாட்டுறது, நாலஞ்சு தடவை எழுப்பி உட்கார வைக்கிறதுன்னு வச்சுக்குவோம். இது எதுவும் அம்மாவே செய்யணும்னு இல்லை, அவங்களே செய்யணும்னு இருக்கிறது சோறும் பேச்சும்தான். தூக்குற வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். உங்க உயர்ந்த சம்பளத்தோட முதல் செலவு அதுவா இருக்கணும். ராத்திரி தங்குற ஆம்பளை ஆள் ஒருத்தர், அவர் வராத நாளுக்கு மாத்து ஆள் ஒருத்தர். மாத்து ஆள் இல்லாத ஏற்பாடு மூணாவது வாரமே உடையும், அன்னைக்கு மறுபடி அம்மாதான் தூக்குவாங்க. "வெளியாள் என்னைத் தொடக்கூடாது"ன்னு அப்பா மறுப்பார். நீங்க ஊர்ல இருக்கிற வாரத்துலயே அந்த ஆளை வேலைக்கு வச்சு, நீங்களும் ஒரு கை பிடிச்சுப் பழக்குங்க.

நிலம் இருந்தா அதையும் யோசிங்க. ஆறு மா நிலம்னாகூட, அதாவது ரெண்டு ஏக்கர், தை மாசிச் சம்பா அறுப்புல மெஷினுக்குச் சொல்றது, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல கொட்டிக் காத்துக் கிடக்குறது எல்லாம் யார் பாக்குறது? அப்பாவை விட்டுட்டு அம்மாவால களத்துல நிக்க முடியாது. இந்த மூணு வருஷத்துக்குக் குத்தகைக்கு விடுங்க. அப்பா அதுக்கு ஒத்துக்கலைன்னா, பொங்கலுக்கு எடுக்குற லீவை அறுப்புக்கு எடுங்க.

தங்கச்சி விஷயம். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் ரெண்டு பேருக்கும் ஒரே கடமையைத்தான் வைக்குது. ஆனா சட்டம் வாங்கிக் கொடுக்குறது ஜீவனாம்சம்தான், அதுவும் மாசம் பத்தாயிரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு அதுலேயே எழுதியிருக்கு. தூக்குற கையை எந்தக் கோட்டாட்சியரும் உத்தரவு போட்டு வாங்கித் தர முடியாது. பக்கத்துல இருக்கிறதாலேயே எல்லாம் தங்கச்சி தலையில விழுறது அநியாயம். வாரம் எத்தனை நாள் அதால வர முடியும்னு கேளுங்க. போக்குவரத்துச் செலவை நீங்க கொடுங்க. சொத்துன்னு பேச்சு வரும்போது அது செஞ்சதைக் கணக்குல வைங்க.

இன்னொண்ணு உயிர் சம்பந்தப்பட்டது. வாய் கோணுது, கை தொங்குது, பேச்சு குழறுதுன்னா அம்மா முதல்ல உங்களுக்குத்தான் போன் போடுவாங்க. நீங்க மீட்டிங்ல இருப்பீங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பாத்த பிறகு. முதல்ல 108, அப்புறம் தங்கச்சி, மூணாவதாத்தான் நான்னு சொல்லி, அலமாரியில எழுதி ஒட்டுங்க. செலவைப் பத்தி என்னைக் கேக்கவே வேண்டாம்னும் சொல்லிடுங்க. அந்த நேரத்துல பூனாவும் ஒண்ணுதான், சென்னையும் ஒண்ணுதான், ரெண்டு இடத்துலேருந்தும் உங்களால வந்து சேர முடியாது. அதனால பதவியை விட்டுட்டு பூனாவுலேயே பழைய வேலையில உட்கார்ந்திருந்தா அதுல அப்பாவுக்கு ஒரு லாபமும் இல்லை.

என் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பலை. அம்மா தூக்குறது நின்னு, தங்கச்சி மனசார ஒத்துக்கிட்டா, போங்க, தப்பில்லை. அம்மாவே தூக்கிக்கிட்டிருக்கும்போது போனா தப்பு, அப்பா எத்தனை தடவை "போப்பா"ன்னு சொல்லியிருந்தாலும். அவங்களைப் பூனாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதைக் கடைசியா வைங்க. திண்ணையும் நாலு மனுஷங்களும்தான் அவர் இன்னும் பேசிக்கிட்டிருக்கிறதுக்குக் காரணமா இருக்கலாம்.

போறதா இருந்தா, எப்போ திரும்பி வருவீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. அப்பாவால படுக்கையில தானா புரள முடியலைன்னா. அம்மா ஒரு தடவை விழுந்துட்டாங்கன்னா. ராத்திரிக்கு ஆள் இல்லாம ஒரு மாசம் ஓடிடுச்சுன்னா. இதுல ஏதாவது ஒண்ணு நடந்தா நீங்க கிளம்பி வந்தாகணும். அதை மூணு பேர் முன்னாடியும் படிச்சுக் காட்டுங்க. பதவியை ஒத்துக்குற அன்னைக்கே உங்க மேனேஜர்கிட்டேயும் சொல்லி வைங்க.