நூறு ஹேர்ட்ஸ் எங்கே பெரிது, எங்கே சிறிது?

வணக்கம் நேயர்களே. நான் யாழ்ப்பாணத்தில் கேள்திறன் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவன். இன்று காதுக்குள் இருக்கும் ஒரு சின்ன உறுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் இரண்டு சோடி ஒலிகளைக் கேளுங்கள்.

[ஒலி: 200 ஹேர்ட்ஸ், பிறகு 300 ஹேர்ட்ஸ், பிறகு இரண்டும் சேர்ந்து]

பாடத் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபட்டிருக்கும். ஹேர்ட்ஸ் என்பது மீடிறனின் அளவு, செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. 200 என்பது ஏறத்தாழ ஐந்து கட்டைச் சுருதி. அதைச் சட்ஜமாக வைத்தால் 300 சரியாகப் பஞ்சமத்தில் வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து ஒலித்தபோதும் ச தனியாகவும் ப தனியாகவும் கேட்டது, சுருதிப்பெட்டியில் கேட்பது போலவே. சரி, இனி மற்றச் சோடி.

[ஒலி: 5000 ஹேர்ட்ஸ், பிறகு 5100 ஹேர்ட்ஸ், பிறகு இரண்டும் சேர்ந்து]

இந்தச் சோடியிலும் வித்தியாசம் அதே நூறு ஹேர்ட்ஸ்தான். ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தபோது கூர்ந்து கேட்டவர்களுக்குச் சிறிய ஏற்றம் தெரிந்திருக்கும். அது அரைச் சுரம் கூட இல்லை. சேர்த்து ஒலித்தபோதோ இரண்டாகப் பிரியவில்லை. கரகரப்பான ஒரே விசில் மாதிரி இருந்திருக்கும். மத்திய அலையில் கேட்பவர்களுக்கு இந்தச் சோடி சரியாக வந்திருக்காது, அந்த அலைவரிசை உயர்ந்த ஒலிகளை வெட்டிவிடும். பண்பலையில் கேட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்று வீட்டில் வயது போன யாராவது சொன்னால், அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு இடத்திலும் நூறு அதிர்வுதான் வித்தியாசம். அப்படியிருக்க, கீழே அது ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரமாகவும் மேலே பிரிக்க முடியாத கரகரப்பாகவும் கேட்பது ஏன்?

காரணம் நத்தைச்சுருளில் இருக்கிறது. கொக்லியா என்று வைத்தியர்கள் சொல்வார்கள். பட்டாணி அளவுள்ள சுருள் குழாய் அது, இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளே திரவம். அதன் நீளம் முழுக்க ஒரு மென்சவ்வு ஓடுகிறது. சுருளை நீட்டினால் அந்தச் சவ்வு ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் வரும். செவிப்பறை அதிர்ந்து, சிற்றென்புகள் வழியாக அதிர்வு இந்தத் திரவத்துக்கு வந்ததும், சவ்வில் ஓர் அலை எழுந்து அடியிலிருந்து நுனி நோக்கிப் பயணம் செய்கிறது.

சவ்வு எங்கும் ஒரே மாதிரி இல்லை. அடிப்பக்கம் ஒடுங்கி விறைப்பாக இருக்கிறது. நுனிக்குப் போகப் போக அகன்று தளர்கிறது. தவிலின் வலந்தலையையும் தொப்பியையும் நினைத்துப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய பக்கம் உயர்ந்து ஒலிக்கும், தளர்ந்த பக்கம் தாழ்ந்து ஒலிக்கும். இங்கே அந்த இரண்டு தலைகளும் ஒரே சவ்வின் இரு முனைகள். உயர்ந்த மீடிறன் அடிப்பக்கத்திலேயே உச்சத்துக்கு எழுந்து அடங்கிவிடும். தாழ்ந்தது நுனி வரை போய் அங்கே உச்சம் காணும். ஆக, சவ்வில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மீடிறன் உண்டு. அந்த இடத்து மயிர்க்கலங்கள் அசைந்தால், செவி நரம்பு அந்தச் சுருதி வந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது.

இந்தப் பயணிக்கும் அலையைக் கண்ணால் பார்த்தவர் ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வொன் பெக்கசி. புடாபெஸ்ற்றில் தபால் திணைக்களத்தின் தொலைபேசி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். இறந்தவர்களின் காதைத் திறந்து, சவ்வின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் நுணுக்குக்காட்டியால் அசைவைப் பார்த்தார். 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சவ்வின் விறைப்பு அடியிலிருந்து நுனிக்குச் சமமாகக் குறைவதில்லை. ஒவ்வொரு குறிப்பிட்ட தூரத்துக்கும் இத்தனை மடங்கு என்ற கணக்கில் குறைகிறது. அதனால் மீடிறனும் மடங்குக் கணக்கில்தான் இறங்குகிறது. 20,000 ஹேர்ட்ஸிலிருந்து பாதியான 10,000-க்கு இறங்க ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆகிறது. 1000-இலிருந்து 500-க்கு இறங்க 4 மில்லிமீற்றர். முதல் ஐந்து மில்லிமீற்றருக்குள் பத்தாயிரம் ஹேர்ட்ஸ் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. மற்ற நாலு மில்லிமீற்றர் வெறும் ஐந்நூறு ஹேர்ட்ஸுக்கு. மொத்தமாகப் பார்த்தால், நாம் கேட்கக்கூடிய 20,000 ஹேர்ட்ஸில் முதல் ஆயிரம், இருபதில் ஒரு பங்கு. சவ்வில் அதற்குக் கிடைத்திருப்பது ஐந்தில் இரண்டு பங்கு.

இப்போது நம்முடைய இரண்டு சோடிகளையும் இந்தச் சவ்வில் வைத்துப் பார்ப்போம். கிரீன்வுட் என்பவர் தந்த சமன்பாட்டில் கணக்குப் போட்டால், நுனியிலிருந்து 200 ஹேர்ட்ஸின் இடம் 5.3 மில்லிமீற்றரில் வருகிறது, 300-இன் இடம் 7.2-இல். இடைவெளி கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர். 5000-இன் இடத்துக்கும் 5100-இன் இடத்துக்கும் இடையிலோ 0.14 மில்லிமீற்றர்தான். பதின்மூன்று மடங்கு குறைவு. ஒலி ஒன்றானாலும் சவ்வில் அசைவது ஒரு புள்ளி மட்டும் அல்ல, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலத் துண்டு. கீழ்ச்சோடியின் இரண்டு துண்டுகளும் விலகி நிற்கின்றன, அதனால் இரண்டு சுரம். மேல்ச்சோடியின் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒரே மயிர்க்கலங்களை இரண்டு அதிர்வும் சேர்ந்து உலுப்புகின்றன, அந்தக் கரகரப்பு அதுதான்.

அப்புறம், தாழ்ந்த ஒலிக்கு இன்னோர் உதவியும் உண்டு. ஏறத்தாழ 4000, 5000 ஹேர்ட்ஸ் வரைக்கும் செவி நரம்பின் துடிப்புகள் ஒலியின் அதிர்வோடு ஒத்து விழுகின்றன. எந்த இடம் அசைந்தது என்பதோடு எத்தனை தடவை அசைந்தது என்பதும் மூளைக்குப் போகிறது. அதற்கு மேல் நரம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பியானோவின் கடைசிச் சுரம் 4200 ஹேர்ட்ஸுக்குள் முடிகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் சுரம் சுரமாகப் பாட்டைப் பிடிப்பது கடினம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். தாழ்ந்த மீடிறனைக் காது நன்றாகப் பிரிக்கிறது என்பது ஹேர்ட்ஸ் கணக்கில்தான் உண்மை. சவ்வின் ஒவ்வோர் இடமும் தன் மீடிறனையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் உள்ளே விடும் ஒரு வடிகட்டி போல. 200-க்கு அருகில் அந்த வடிகட்டியின் அகலம் ஏறத்தாழ 46 ஹேர்ட்ஸ், 5000-க்கு அருகில் 560 ஹேர்ட்ஸுக்கு மேல். விகிதமாகப் பார்த்தால் முதலாவது 23 வீதம், மற்றது 11 வீதம்தான். மேலே காது மந்தமாகிவிடுகிறது என்று சொன்னால் அது பிழையாகிவிடும்.

மெல் அளவுகோல் இதையெல்லாம் சவ்வைப் பார்க்காமல், ஆட்களைக் கேட்டே அளக்கப் போன முயற்சி. 1937ஆம் ஆண்டு ஸ்ரீவன்ஸ், வொல்க்மன், நியூமன் என்ற மூவர் அமெரிக்காவில் செய்தது. ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, இதன் சுருதியில் பாதியாகத் தோன்றும் வரை குமிழைத் திருப்புங்கள் என்றார்கள். 1000 ஹேர்ட்ஸை 1000 மெல் என்று வைத்துக்கொண்டார்கள். இன்று வழங்கும் சமன்பாட்டின்படி அதில் பாதி, அதாவது 500 மெல், 390 ஹேர்ட்ஸ் அளவில் வருகிறது. இரட்டிப்பான 2000 மெல் 3400 ஹேர்ட்ஸுக்கும் மேலே போய்விடுகிறது. நம்முடைய கீழ்ச்சோடிக்கு 119 மெல் இடைவெளி, மேல்ச்சோடிக்கு 20 மெல்கூட இல்லை.

1000 ஹேர்ட்ஸின் பாதி எது என்ற இதே கேள்வியை இணுவிலிலோ அளவெட்டியிலோ ஒரு நாதஸ்வர வித்துவானிடம் கேட்டால், அவர் யோசிக்காமல் 500 ஹேர்ட்ஸில் நிறுத்துவார், ஒரு ஸ்தாயி கீழே. அவர் காதுக்குப் பாதி அதுதான். ஆகவே மெல் சங்கீதத்தின் அளவுகோல் அல்ல. ஒலி ஏறுவரிசையில் வந்ததா இறங்குவரிசையில் வந்ததா என்பதைப் பொறுத்தே விடை மாறிவிடுகிறது என்ற குறையைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். சவ்வின் கணக்கு 13 மடங்கு சொல்லும் இடத்தில் மெல் 6 மடங்குதான் சொல்கிறது. என் பார்வையில், பேச்சை எழுத்தாக்கும் கணினி நிரல்களில் கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் பட்டைகளை வகுப்பதற்கு அது நல்ல கருவி. காதின் படமாக அதை நம்பக்கூடாது.

சரி, வயது போனவர்களின் விடயத்துக்கு வருகிறேன். பரிசோதனைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வசனம் உண்டு: “தம்பி, நீங்கள் கதைக்கிறது கேக்குது. என்ன சொல்லுறீங்கள் எண்டுதான் விளங்கேல்லை.” பல பேர் வீட்டில் இதை நம்புவதில்லை, அப்பா வேண்டுமென்றே செய்கிறார் என்று கோபிக்கிறார்கள். அவர் சொல்வது முழு உண்மை.

மயிர்க்கலங்களில் இரண்டு வகை. உள்வரிசை கேட்டதை நரம்புக்குச் சொல்கிறது. வெளிவரிசையில் உள்ளவை தாமாகவே நீண்டு சுருங்கி, சவ்வின் அசைவைப் பெருக்கிக் கூராக்குகின்றன. பெக்கசி பார்த்த அலை அகன்று மொட்டையாக இருந்தது இதனால்தான்; உயிரில்லாத காதில் இந்தக் கலங்கள் வேலை செய்யவில்லை. வயதும் பேரிரைச்சலும் முதலில் அழிப்பவை வெளிவரிசைக் கலங்களை, அதிலும் அடிப்பக்கத்தில் உள்ளவற்றை. உயர்ந்த ஒலி முதலில் போகிறது. ‘சரி’ என்ற சொல்லின் தொடக்கச் சீறல் பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது விழாவிட்டால் ‘அரி’ போலத்தான் கேட்கும்.

அழிவு கீழ்ப்பகுதிக்கும் பரவினால் வடிகட்டிகளும் அகன்றுவிடும். 120 ஹேர்ட்ஸ் குரலுள்ள ஓர் ஆண் பேசுகிறார் என்று வையுங்கள். அவர் குரலில் 120, 240, 360, 480 என்று 120 இடைவெளியில் ஒலிகள் அடுக்காக நிற்கும். நல்ல காதில் 500-க்கு அருகில் வடிகட்டியின் அகலம் ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸ், அதனால் அவை தனித்தனியே விழும். அகலம் இரண்டு மடங்காகி 160 ஆனால் பக்கத்து ஒலிகள் ஒன்றோடொன்று கலக்கும். பக்கத்தில் இன்னொருவர் கதைத்தால் அவருடைய ஒலிகளும் அதே வடிகட்டிக்குள் வந்து விழும். கேள்கருவி சத்தத்தைக் கூட்டித் தரும், விரிந்த வடிகட்டியை ஒடுக்கித் தராது. அதனால்தான் அமைதியான அறையில் நன்றாக உதவுகிற கருவி கலியாண வீட்டில் கைவிடுகிறது.

கருவி வாங்கியவர்கள் சபையில் விளங்கவில்லை என்று அதை மேசை இலாச்சிக்குள் போட்டுவிட வேண்டாம். முதலில் அமைதியான இடத்தில், ஒரே ஒருவர் எதிரே இருந்து கதைக்கும்போது விளங்குகிறதா என்று பாருங்கள். அங்கேயும் விளங்கவில்லை என்றால், உயர் மீடிறன்களுக்கு எவ்வளவு கூட்டிவைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் கத்த வேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் தெரிய முன்னால் வந்து இருந்து, சாதாரணக் குரலில் கொஞ்சம் ஆறுதலாகக் கதையுங்கள். வணக்கம்.