பேதி என்று நினைத்த மலச்சிக்கல்

வணக்கம் நேயர்களே. புற்றுநோய் வலிக்கு மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். இன்றைக்கு ஒரே ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன்.

அவருக்கு 68 வயது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 10 மில்லிகிராம். வலி நன்றாகக் குறைந்தது. பத்தாம் நாள் அவர் மகள் போன் செய்தார். “டாக்டர், அப்பாவுக்கு நேத்துலேருந்து பேதி. தண்ணியா கசிஞ்சுக்கிட்டே இருக்கு. லோபரமைடு கொடுத்தும் நிக்கல.”

“அதுக்கு முன்னாடி கடைசியா எப்போம்மா நல்லபடியா மலம் போனாரு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஒரு வாரம் இருக்கும் டாக்டர்.”

அவரை வரச்சொல்லி, கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தேன். கல் மாதிரி மலம் அடைத்திருந்தது. அதற்கு மேலே தேங்கிய நீர்த்த மலம், அந்தக் கட்டியைச் சுற்றிக்கொண்டு வழிந்திருக்கிறது. வீட்டில் அதைப் பேதி என்று நினைத்துவிட்டார்கள். லோபரமைடும் குடலில் மார்ஃபினைப் போலவே வேலை செய்கிற மருந்துதான். ஏற்கெனவே பூட்டியிருந்த கதவுக்கு இன்னொரு பூட்டு.

மார்ஃபின் ஏன் இப்படிச் செய்கிறது? வலியை அடக்க மூளையிலும் தண்டுவடத்திலும் அது நரம்பு செல்லின் மேல் மருந்து பற்றிக்கொள்ளும் இடமான எந்த ஏற்பியில் போய் உட்காருகிறதோ, அதே ஏற்பி குடல் சுவரின் நரம்புகளிலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்ததும் குடல் முன்னோக்கித் தள்ளுவது குறைந்துவிடும். மலம் ஒரே இடத்தில் கிடக்க, அதிலுள்ள நீரையெல்லாம் குடல் உறிஞ்சிக்கொள்ளும். ஆசனவாய்த் தசையும் இறுகும். மார்ஃபின் ஆரம்பித்ததும் வருகிற குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, மருந்து இருக்கும்வரை கூடவே இருக்கும். அதனால் சிக்கல் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மார்ஃபின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் இருக்க வேண்டும். இந்தப் பெரியவரின் சீட்டில் அது இல்லை. எனக்கு இன்னும் வருத்தம் அதில்தான்.

அவருடைய மற்ற மாத்திரைகளையும் கொண்டுவரச் சொன்னேன். ரத்த அழுத்தத்துக்கு வெராபமில். கால்சியம் பாதையை அடைக்கும் இந்த வகை மருந்துகளில் மலச்சிக்கலுக்குப் பேர்போனது இதுதான். குடல் தசை சுருங்கவும் கால்சியம் வேண்டுமே. நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின். அது அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் பொருளைத் தடுத்து, வாயை உலர்த்துவதோடு குடலையும் மந்தமாக்கும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை வேறு. ஆக, நான்கு மருந்துகள் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

சரி, என்ன செய்தோம்? லோபரமைடை உடனே நிறுத்தினோம். அடைப்பு கீழே இருக்கும்போது வாய்வழி மருந்து மட்டும் கொடுத்தால் வயிற்றை முறுக்கும், வழி திறக்காது. அதனால் முதலில் ஆசனவாய் வழியாக எண்ணெய் எனிமா கொடுத்து மலத்தை ஊறவைத்து, மறுநாள் பிசகோடில் 10 மில்லிகிராம் குளிகை வைத்தோம். வழி திறந்த பிறகு பாலிஎத்திலீன் கிளைகால் பொடி 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தினமும். அது நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். இரவில் சென்னா மாத்திரை. அது குடலைத் தள்ள வைக்கும். இளக்குவது ஒன்று, தள்ளுவது ஒன்று என இரண்டும் தேவைப்பட்டன.

இசப்கோல் கொடுக்கலாமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றேன். அது மலத்தின் பருமனைக் கூட்டும். தள்ளாத குடலில், அதுவும் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு, அதுவே அடைப்பாகிவிடலாம்.

வெராபமிலை அவருடைய இதய மருத்துவரிடம் பேசி மாற்றினோம். இதை யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது. இரும்பை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். மார்ஃபினில் கை வைக்கவில்லை. மலச்சிக்கலுக்குப் பயந்து வலி மருந்தைக் குறைத்துக்கொள்ளும் நோயாளிகளை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் வலியைத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. மலமிளக்கிகள் போதாவிட்டால் மெத்தில்நால்ட்ரெக்சோன், நலோக்ஸிகால் போன்ற மருந்துகள் உண்டு. அவை மார்ஃபினைக் குடலில் மட்டும் தடுக்கும், வலி நிவாரணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது மலமிளக்கி எதுவும் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்த மகள் இப்போது காலண்டரில் அப்பா மலம் கழிக்கும் நாளை எல்லாம் வட்டமிடுகிறார். இரண்டு நாள் வட்டமில்லாமல் போனால், மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போன் வந்துவிடும்.